டெல்லிக்குப் புதிதாக வருபவர்களுக்கு: ஜி, சாஹப், பேகம் – யாரை எப்படிக் கூப்பிடுவது, காகிதத்தில் எப்படி எழுதுவது

வேலைக்காகவோ படிப்புக்காகவோ டெல்லி, லக்னோ பக்கம் வருகிறீர்கள், பள்ளியில் கொஞ்சம் இந்தி படித்திருக்கிறீர்கள் அல்லது போன் ஆப்பில் கற்றுக்கொண்டீர்கள் என்றால் இது உங்களுக்கு. வாக்கியம் சரியாக வந்தாலும் மரியாதை சரியாக வராமல் போகும், அதை எந்தப் புத்தகமும் ஒழுங்காகச் சொல்லித்தருவதில்லை. நான் டெல்லிக்கு வந்த புதிதில் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், அலுவலக மூத்தவர் என்று ஒவ்வொருவரிடமும் தயங்கித் தயங்கி, மற்றவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டுத்தான் இதைப் பிடிக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

வரிசையாகப் படியுங்கள். முதல் படி சரியாக வராமல் மற்றதைக் கற்றுக்கொண்டு பயனில்லை.

1. முதலில் வினைச்சொல்லைச் சரி செய்யுங்கள், 'ஜி' அப்புறம்

புதிதாக வருபவர்கள் எல்லோருக்கும் 'ஜி' தெரியும். பெயருக்குப் பின்னால் அதை ஒட்டிவிட்டால் மரியாதை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் பொறி. "சர்மா ஜி ஆயா ஹை" என்று சொன்னால் அது "ஐயா வந்திருக்கிறான்" என்பது போலத்தான் கேட்கும். 'ஜி' வந்துவிட்டால் வினை பன்மைக்கு மாறியாக வேண்டும்: "சர்மா ஜி ஆயே ஹைன்". கடைசி 'ன்' முழுதாக ஒலிக்காது, மூக்கில் லேசாக வரும். பெண் என்றால் "மாதா ஜி ஆயீ ஹைன்". இங்கே 'ஆயீ' மாறுவதில்லை, மூக்கொலி மட்டும்தான் மரியாதையைக் காட்டுகிறது. அதை விழுங்கிவிட்டால் மரியாதையும் போய்விடும்.

உடைமைச் சொல்லும் இதோடு சேர்ந்தே மாறும். "மேரா பிதாஜி" இல்லை, "மேரே பிதாஜி". "சர்மா ஜி கா பிதாஜி" இல்லை, "சர்மா ஜி கே பிதாஜி". நம் சொந்த அப்பாவைப் பற்றி வெளியாளிடம் பேசும்போதும் பன்மைதான்: "மேரே பிதாஜி சென்னை மே ரஹதே ஹைன்". நாமும் அப்பாவை 'இருக்கிறார்' என்றுதானே சொல்கிறோம், ஆகவே இது நமக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாது. இந்தியில் பேசும்போது நினைவு வைத்துக்கொள்வதுதான் பாடு.

அடுத்து, நேரில் பேசும்போது முன்னிலைச் சொல் மூன்று: தூ, தும், ஆப். புதியவருக்கு ஒரே விதி, எல்லோரிடமும் 'ஆப்'. ஆட்டோ ஓட்டுநர், காய்கறிக்காரர், வீட்டு வேலைக்கு வரும் அம்மா, உங்களைவிட வயது குறைந்த சக ஊழியர், எல்லோரும் இதில் அடங்குவார்கள். 'ஆப்' என்று சொன்னதற்காக யாரும் வருத்தப்பட மாட்டார்கள். 'தும்' தவறான இடத்தில் வந்தால் முகம் மாறும், 'தூ' வந்தால் சண்டை வரும். 'தூ' என்பது நெருங்கிய நண்பர்களுக்கும், அம்மாவிடம் செல்லமாகப் பேசும் பிள்ளைக்கும், கடவுளிடம் வேண்டுபவருக்கும் உரியது, மற்ற இடங்களில் அது அவமதிப்பு.

அழைக்கும் வினையும் கூடவே மாறும். வா என்பதற்கு 'தூ'வோடு "ஆ", 'தும்'மோடு "ஆவோ", 'ஆப்'போடு "ஆயியே". நலம் விசாரிப்பதில்தான் அதிகம் சறுக்குவோம். பெரியவரிடம் "கைசே ஹோ?" என்று கேட்காதீர்கள், "கைசே ஹைன்?" என்று கேளுங்கள், பெண்ணானால் "கைசீ ஹைன்?". டெல்லியில் பஞ்சாபிச் சாயல் கலந்து "ஆப் கைசே ஹோ", "ஆப் பைட்டோ" என்று படித்தவர்களே பேசுவதைக் கேட்பீர்கள். அவர்கள் வாயில் அது இயல்பு. லக்னோவில் அதையே சொன்னால் காதில் உறுத்தும். அதனால் நீங்கள் முழு வடிவத்தையே பழகிக்கொள்ளுங்கள், இரண்டு ஊரிலும் செல்லும்.

எப்போது 'ஆப்'பிலிருந்து 'தும்'முக்கு இறங்கலாம்? வயதில் மூத்தவர் உங்களிடம் இறங்கினால் அது அவர் உரிமை, பதிலுக்கு நீங்கள் இறங்கக் கூடாது. சம வயதுக்காரர் இறங்கினால் சில நாள் பார்த்துவிட்டு நீங்களும் இறங்கலாம். சில உருதுக் குடும்பங்களில் அப்பா அம்மாவே சின்னக் குழந்தையை 'ஆப்' என்று கூப்பிடுவார்கள், அந்த வீட்டுக் குழந்தையிடம் நீங்கள் 'தூ' போட்டால் பெரியவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் நாள் முழுக்கத் தேவைப்படும். பெரியவர் கேட்கும் கேள்விக்கு வெறும் "ஹான்", "நஹீன்" வேண்டாம். "ஜி ஹான்", "ஜி நஹீன்" அல்லது வெறும் "ஜி". சரியாகக் கேட்கவில்லை என்றால் "க்யா?" என்று கேட்காமல் "ஜி?" என்று கேளுங்கள்.

2. 'ஜி' எந்தப் பெயரோடு ஒட்டும்

பெரும்பாலும் எல்லாவற்றோடும் ஒட்டும். முதல் பெயர் (சுனிதா ஜி), குடும்பப் பெயர் (சர்மா ஜி), உறவு (பாபி ஜி, சாச்சா ஜி), தொழில் (பண்டித் ஜி). 'மாஸ்டர் ஜி' என்றால் பள்ளி ஆசிரியரும் உண்டு, தையல்காரரும் உண்டு. துணிக்கடையில் "மாஸ்டர் ஜி சே பூச் லீஜியே" என்று சொன்னால் தையல்காரரிடம் கேட்கச் சொல்கிறார்கள். அலுவலகத்தில் நம் ஊர் 'சார்' அப்படியே செல்லும், அதன் மேலும் ஒரு 'ஜி' போட்டு 'சர் ஜி' என்றும் சொல்வார்கள்.

தன் பெயருக்குப் பின்னால் மட்டும் யாரும் போட்டுக்கொள்ள மாட்டார்கள். போனில் "மைன் செந்தில் ஜி போல் ரஹா ஹூன்" என்று சொல்லாதீர்கள். "செந்தில் போல் ரஹா ஹூன்" போதும். யாராவது "ஆப்கா ஷுப் நாம்?" என்று கேட்டால் பெயரை மட்டும் சொல்லுங்கள். லக்னோ பக்கத்திலும் பழைய டெல்லியிலும் "ஆப்கீ தாரீஃப்?" என்று கேட்பார்கள். 'தாரீஃப்' என்றால் பாராட்டு என்றுதானே படித்திருப்பீர்கள், இங்கே "தாங்கள் யார்?" என்று கேட்கிறார்கள். பெயரும் ஊரும் வேலையும் சொன்னால் சரி.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். இங்கே படிவம், சம்பளப் பட்டியல், மின்னஞ்சல் எல்லாம் குடும்பப் பெயர் கேட்கும், நாம் இனிஷியலை விரித்து அப்பா பெயரை அங்கே போடுவோம். கு. செந்தில்நாதன் அப்படித்தான் 'செந்தில்நாதன் குமரேசன்' ஆகிறார். மறுநாளிலிருந்து அலுவலகத்தில் எல்லோரும் அவரை "குமரேசன் ஜி" என்று கூப்பிடுவார்கள். அவர்கள் பார்வையில் 'சர்மா ஜி', 'குப்தா ஜி' போல அது இன்னும் மரியாதையான வடிவம். உங்களுக்கோ உங்கள் அப்பாவைக் கூப்பிடுவது போல இருக்கும். முதல் நாளே "முஜே செந்தில் கஹியே, குமரேசன் மேரே பிதாஜி கா நாம் ஹை" என்று சொல்லிவிடுங்கள். தள்ளிப்போட்டால் பெயர்ப் பலகை, அடையாள அட்டை, வாட்ஸ்அப் குழு என்று எல்லாவற்றிலும் அப்பா பெயரே நிலைத்துவிடும்.

3. 'சாஹப்' – எங்கே 'ஜி'யைவிடப் பொருந்தும்

எழுத்தில் சாஹப், பேச்சில் 'சாப்'. மூன்று இடங்களில் இது இயல்பாக வரும். முதலாவது பதவியும் தொழிலும்: டாக்டர் சாஹப், வகீல் சாஹப், மாவட்ட ஆட்சியர் என்றால் டி.எம். சாஹப், இமாம் சாஹப். இரண்டாவது, முஸ்லிம் ஆண்களின் பெயர்: கான் சாஹப், அன்சாரி சாஹப், இக்பால் சாஹப். மூன்றாவது 'பாய் சாஹப்', இது முன்பின் தெரியாத ஆணைக் கூப்பிடுவதற்கு, மத வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும். 'ஜி' இந்துக்களுக்கு, 'சாஹப்' முஸ்லிம்களுக்கு என்று சிலர் சுருக்கமாகச் சொல்லித்தருவார்கள், அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 'சர்மா சாஹப்' தினம் காதில் விழும், 'சிங் சாஹப்' அதைவிட அதிகம். ஆனால் முதல் சந்திப்பில், முஸ்லிம் பெரியவரின் பெயரோடு 'சாஹப்' போடுவதே அழகாக இருக்கும்.

பெயரின் எந்தத் துண்டோடு போடுவது என்பதில் கவனம் வேண்டும். 'முகமது சலீம்' என்ற பெயரைப் பார்த்து "முகமது சாஹப்" என்று கூப்பிடாதீர்கள், அவரை வீட்டிலும் வெளியிலும் அழைக்கும் பெயர் சலீம், அதனால் "சலீம் சாஹப்". 'குமார்' பல பேருக்குக் குடும்பப் பெயரே இல்லை, முதல் பெயரின் வால். ராகேஷ் குமாரை "ராகேஷ் ஜி" என்று கூப்பிட்டால் தவறாது.

சீக்கியர்களிடம் 'சர்தார் ஜி' என்று பலர் சொல்வார்கள், தவறில்லைதான், ஆனால் அந்தச் சொல்லை வைத்து அத்தனை கேலிக் கதைகள் ஓடியிருப்பதால் சிலருக்குப் பிடிப்பதில்லை. 'சிங் சாஹப்' அல்லது 'பாஜி' என்று சொல்வதே நல்லது. டெல்லியில் யாராவது "பங்களா சாஹிப் போகிறேன்" என்றால் ஓர் ஆளைப் பார்க்கப் போகவில்லை, கனாட் பிளேஸ் பக்கத்தில் இருக்கும் குருத்வாராவுக்குப் போகிறார். புனித இடத்துக்கும் நூலுக்கும் கூட இந்த மரியாதை உண்டு.

4. பெண்களை அழைப்பது, 'பேகம்' பற்றிய எச்சரிக்கை

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

'பேகம்' மூன்று விதமாக வரும். பெயருக்கு முன்னால் வந்தால் அது பட்டம். 1857இல் லக்னோவில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற பேகம் ஹஸ்ரத் மஹல், பாடகி பேகம் அக்தர் ஆகியோர் பெயரில் இருப்பது அது. பெயருக்குப் பின்னால் வந்தால் பெரும்பாலும் பெயரின் ஒரு பகுதி, நம் ஊர் முஸ்லிம் பெண்களின் பெயரில் வருவது போலவே. தனியாக வந்தால் மனைவி. கணவன் மனைவியைக் கூப்பிடுவது, அல்லது "மேரீ பேகம்" என்று அவளைப் பற்றிச் சொல்வது.

இதனால் வரும் பொறிகள் இரண்டு. முதலாவது, பக்கத்து வீட்டுப் பெண்ணை வெறும் "பேகம்" என்று கூப்பிடவே கூடாது, நீங்கள் ஆணாக இருந்தால் அது மிகவும் தப்பாகப் போகும். இரண்டாவது, கதவில் 'நஸ்ரீன் பேகம்' என்று இருப்பதைப் பார்த்து பேகத்தைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு "பேகம் ஜி", "மிசஸ் பேகம்" என்று சொல்வது. 'நஸ்ரீன் சாஹிபா' என்று சொல்லுங்கள். சாஹப்புக்குப் பெண்பால் சாஹிபா. டாக்டர் சாஹிபா, பிரின்சிபல் சாஹிபா என்று பதவியோடும் வரும், பேச்சில் பெண் டாக்டரையும் 'டாக்டர் சாஹப்' என்று சொல்பவர்கள் உண்டு. 'பேகம் சாஹிபா' என்பது அந்த வீட்டுத் தலைவியை வேலைக்காரர்களும் தெரிந்தவர்களும் மரியாதையாகக் குறிப்பது, முதல் நாளே நீங்கள் அதற்குப் போக வேண்டியதில்லை. நண்பரின் மனைவியை விசாரிக்க "பாபி கைசீ ஹைன்?" என்பது எல்லா வீட்டிலும் செல்லும்.

இதே விதி பானோ, காத்தூன், பீபி ஆகிய வால்களுக்கும் பொருந்தும். இந்துப் பெண்களின் 'தேவி', 'குமாரி'யும் அப்படியே. சுனிதா தேவியை "சுனிதா ஜி" என்று கூப்பிடுங்கள். "தேவி ஜி" என்று கூப்பிட்டால் கிண்டல் செய்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

5. பெயர் தெரியாதபோது

உறவுமுறைச் சொல்தான் வழி, நம் ஊர் அண்ணா, அக்கா போலத்தான். ஆண்களுக்கு 'பையா' அல்லது 'பாய் சாஹப்', வயதானவருக்கு 'அங்கிள் ஜி', 'சாச்சா'. பெண்களுக்கு 'தீதி', 'ஆன்ட்டி ஜி', மிக வயதானவருக்கு 'மாதா ஜி'. முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்கு 'ஆபா' அல்லது 'பாஜீ', சித்தி முறைக்கு 'காலா'. முப்பது வயதுப் பெண்ணை 'ஆன்ட்டி' என்றால் எந்த ஊரிலும் பிடிக்காது, சந்தேகம் வந்தால் 'தீதி' அல்லது 'மேடம்'.

ஊர் மாறினால் 'பையா'வும் மாறும். டெல்லி, உ.பி.யில் சாதாரணமான இந்தச் சொல், மும்பையிலும் பஞ்சாபிலும் உ.பி., பீகாரிலிருந்து வந்த தொழிலாளிகளை இளக்காரமாகக் குறிக்கப் பயன்படுகிறது. பஞ்சாபில் 'பாஜி' அல்லது 'வீர் ஜி', மும்பையில் 'பாவு' அல்லது 'தாதா' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

6. ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம்

கிழக்கு டெல்லியில் மாடி வீடு ஒன்றை வாடகைக்குப் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழ் வீட்டில் வீட்டுக்காரர் ரமேஷ் சர்மா, வயது ஐம்பது, அவர் மனைவி சுனிதா, ரமேஷின் வயதான அப்பா. எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் இக்பால் அகமது, அவர் மனைவி டாக்டர் நஸ்ரீன் பேகம். உங்களுக்கு வயது இருபத்தேழு.

வீட்டுக்காரரை 'சர்மா ஜி' என்று கூப்பிடலாம், ஆனால் இருபத்தேழு வயதுக்காரர் வாயில் 'அங்கிள் ஜி' இன்னும் பொருந்தும், அவர் மனைவி 'ஆன்ட்டி ஜி'. உங்களுக்கு நாற்பத்தைந்து வயதாக இருந்தால் இதே இருவர் 'சர்மா ஜி', 'பாபி ஜி' ஆகிவிடுவார்கள். பெரியவரை 'தாதா ஜி' என்றோ 'பாபு ஜி' என்றோ அந்த வீட்டில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே சொல்லுங்கள், ஒரு நாள் காது கொடுத்தால் தெரிந்துவிடும். கதவைத் தட்டியதும் "அங்கிள் ஜி ஹை?" என்று கேட்காமல் "அங்கிள் ஜி கர் பர் ஹைன்?" என்று கேளுங்கள்.

எதிர் வீட்டில் 'இக்பால் சாஹப்'. ஆசிரியராக இருந்தவர், தெருவில் பலர் 'மாஸ்டர் சாஹப்' என்று சொன்னால் நீங்களும் சொல்லலாம். அவர் மனைவியை 'டாக்டர் சாஹிபா'. பழகின பிறகு அவர்களே 'காலா என்று கூப்பிடு' என்றால் அப்போது மாற்றிக்கொள்ளுங்கள். "ஆதாப்" என்று ஒரு வணக்கத்தோடு ஆரம்பித்தால் போதும். உட்காரச் சொல்லி "தஷ்ரீஃப் ரக்கியே" என்பார்கள், அது அவர்கள் உங்களுக்குச் சொல்வது. உங்கள் தஷ்ரீஃபைப் பற்றி நீங்களே பேசக் கூடாது, "மைன் தஷ்ரீஃப் லாயா" என்று சொல்லாமல் "மைன் ஆயா ஹூன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

7. காகிதத்தில் எழுதும்போது

வாடகை ஒப்பந்தத்தை இங்கே வழக்கமாகப் பதினொரு மாதத்துக்குப் போடுவார்கள், ஓராண்டுக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம் என்பதால். அதில் "ஸ்ரீ இன்னார், புத்ர ஸ்ரீ இன்னார்" என்று அடிப்பார்கள். இங்கே 'ஸ்ரீ' மரியாதை அடைமொழி, பெயர் அல்ல. உங்கள் அப்பா காலமாகியிருந்தால் 'ஸ்வர்கீய ஸ்ரீ' என்று வர வேண்டும், முஸ்லிம் பெயர்களுக்கு 'மர்ஹூம்'. தட்டச்சு செய்பவர் அதைக் கேட்பதில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும். கையெழுத்துக்கு முன் அப்பா பெயர் வரும் இரண்டு இடத்தையும் படித்துப் பாருங்கள்.

இந்தியில் விண்ணப்பம் எழுத நேர்ந்தால் வடிவம் நிலையானது. மேலே "சேவா மே", அடுத்த வரியில் அதிகாரியின் பதவி, பிறகு "விஷய", அப்புறம் "மஹோதய்", பெண் அதிகாரி என்றால் "மஹோதயா". முதல் வரி "சவிநய நிவேதன் ஹை கி" என்று தொடங்கும். கீழே "பிரார்த்தி" அல்லது "பவதீய", எழுதுவது பெண் என்றால் "பிரார்த்தினி", "பவதீயா". அதன் கீழ் உங்கள் பெயர், ஸ்ரீயும் ஜியும் இல்லாமல். உருதுவில் எழுதித் தருபவர் "ஜனாபே ஆலி" அல்லது "முஹ்தரம்" என்று தொடங்குவார், பெண்ணுக்கு "முஹ்தரமா".

அடையாளச் சான்றுகளில் மட்டும் மரியாதைச் சொல் எதுவும் நுழையக் கூடாது. ஆதாரில் பெயர்க் கட்டத்தில் அடைமொழியும் பட்டமும் எழுதக் கூடாது என்பது விதி. பான் விண்ணப்பத்தில் ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி என்று தனிக் கட்டங்கள் இருக்கும், அங்கே டிக் மட்டும் போட்டுவிட்டுப் பெயர்க் கட்டத்தைச் சுத்தமாக வையுங்கள். நம் ஊர்ச் சான்றிதழில் 'செல்வி', 'திருமதி' என்று முன்னால் இருந்தால் இங்கே உள்ளவர் அதையே பெயரின் முதல் சொல்லாக ஏற்றிவிட வாய்ப்புண்டு. உங்கள் பெயரே செல்வி என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். இதற்கு நேர்மாறானது பேகமும் தேவியும். பிறப்புச் சான்றிதழிலேயே இருந்தால் அது பெயரின் பகுதி, எல்லாச் சான்றிலும் அப்படியே இருக்க வேண்டும். ஒன்றில் 'நஸ்ரீன்', இன்னொன்றில் 'நஸ்ரீன் பேகம்' என்று இருந்தால் வங்கிக் கணக்கிலும் பாஸ்போர்ட்டிலும் கேள்வி வரும்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், அதனால் ஓர் அடைமொழியை எடுப்பதற்காக ஒரு வாய்ப்பைச் செலவழிக்க நேராமல் பதியும்போதே திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் படியுங்கள். திருத்த வேண்டியதாகிவிட்டால் கட்டணம் 2025 அக்டோபர் முதல் 75 ரூபாய். சரியான பெயர் உள்ள சான்று ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள், ஒப்புகைச் சீட்டில் இருக்கும் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். திருத்தம் வர சில வாரங்கள் ஆகலாம் என்பதால் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் போன்றவற்றுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே இதை முடித்துவிடுங்கள்.